வட்டி குறைந்தும் பாண்ட் ஃபண்டு இறங்குவது ஏன்?

கேள்வி: வட்டி குறைந்தால் பாண்ட் விலை ஏறும் என்று படித்துவிட்டு, நீண்டகால அரசுப் பத்திரங்களை வாங்கும் ஃபண்டில் பணம் போட்டேன். மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது. ஆனால் அன்றைக்கே ஃபண்டின் மதிப்பு இறங்கியது, ஷேர்களும் விழுந்தன. இது எப்படி? விற்றுவிடலாமா?

பதில்: நீங்கள் படித்தது சரிதான், ஆனால் அதில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. மத்திய வங்கி மாற்றுவது மிகக் குறுகிய காலக் கடனுக்கான வட்டியைத்தான். பத்தாண்டுப் பத்திரத்தின் யீல்டை, அதாவது இன்றைய விலையில் வாங்கினால் ஆண்டுக்குக் கிடைக்கும் வருமான விகிதத்தை, சந்தைதான் முடிவு செய்கிறது. யீல்டு ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். அந்தக் குறுகிய கால வட்டி வரும் பத்தாண்டுகளில் சராசரியாக எவ்வளவு இருக்கும் என்ற கணிப்பும், பணத்தை அவ்வளவு காலம் முடக்குவதற்குக் கேட்கும் கூடுதல் ஈடும் சேர்ந்ததுதான் அந்த யீல்டு. எல்லோரும் எதிர்பார்த்த குறைப்பு, அறிவிப்பு வருவதற்கு வெகுமுன்பே விலையில் ஏறியிருக்கும். அன்று விலையை நகர்த்துவது, இனி என்ன நடக்கும் என்பது பற்றிய புதுச் செய்தி மட்டுமே.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மூன்று கூட்டங்களில் மொத்தம் 1 சதவீதப் புள்ளி வட்டியைக் குறைத்தது. பத்தாண்டு யீல்டோ செப்டம்பர் நடுவில் இருந்த சுமார் 3.6 சதவீதத்திலிருந்து 2025 ஜனவரி நடுவில் சுமார் 4.8 சதவீதத்துக்கு ஏறியது. அதில் டிசம்பர் 18 நீங்கள் சொல்வதைப் போன்ற ஒரு நாள். கால் சதவீதக் குறைப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அப்படியே வந்தது. ஆனால் கூடவே வந்த அதிகாரிகளின் கணிப்பில், 2025இல் நான்கு கால் சதவீதக் குறைப்புகள் என்று முன்பு இருந்தது இரண்டாகச் சுருங்கியிருந்தது. அந்த ஆண்டின் பணவீக்கக் கணிப்பும் 2.1இலிருந்து 2.5 சதவீதமாக உயர்ந்திருந்தது. அன்று யீல்டு ஏறியது, அமெரிக்கப் பெரிய கம்பெனிகளின் ஷேர் குறியீடான எஸ் அண்ட் பி 500 ஏறக்குறைய 3 சதவீதம் சரிந்தது.

யீல்டு ஏறினால் எவ்வளவு வலிக்கும் என்பது பத்திரத்தின் காலத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு 4 சதவீதம் வட்டி தரும் பத்திரத்தை 100க்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். சந்தை யீல்டு 5 சதவீதமானால், பத்தாண்டுப் பத்திரத்தின் விலை சுமார் 92.3க்கு இறங்கும். இரண்டாண்டுப் பத்திரம் 98.1இல் நின்றுவிடும். இரண்டையும் நகர்த்தியது அதே ஒரு சதவீதப் புள்ளிதான். ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் ‘மாடிஃபைட் டியூரேஷன்’ என்று ஓர் எண் இருக்கும். அது 8 என்றால், யீல்டு ஒரு சதவீதப் புள்ளி ஏறும்போது மதிப்பு ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். பாண்ட் ஃபண்டு வாங்கும் முன் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த எண்ணைத்தான், கடந்த ஆண்டு லாபத்தை அல்ல.

ஷேருக்கும் இதே கணக்குதான். பத்து ஆண்டு கழித்து வரும் 100 லாபத்தின் இன்றைய மதிப்பு, ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் பின்னோக்கிக் கணக்கிட்டால் 46.3, 9 சதவீதத்தில் 42.2. அடுத்த ஆண்டே வரும் 100 என்றால் 92.6, 91.7, பெரிய வித்தியாசம் இல்லை. லாபத்தைத் தொலைவில் வைத்திருக்கும் வேகமாக வளரும் கம்பெனிகள் யீல்டு ஏறும்போது அதிகம் ஆட்டம் காண்பது இதனால்தான். ஆனால் பொருளாதாரம் பலமாக இருப்பதால் யீல்டு ஏறினால், லாபக் கணிப்பும் சேர்ந்தே ஏறும். அப்போது ஷேர்கள் விழவேண்டும் என்றில்லை.

பணவீக்கத் தகவலையும் எதிர்பார்ப்போடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். 2022 நவம்பர் 10 அன்று வந்த அமெரிக்கப் பணவீக்கம் 7.7 சதவீதம், மிக அதிகம்தான். ஆனால் கணிப்பு 7.9ஆக இருந்தது. அன்று எஸ் அண்ட் பி 5.5 சதவீதம் ஏறியது, பத்தாண்டு யீல்டு சுமார் 0.3 சதவீதப் புள்ளி இறங்கியது. குறைப்பு எவ்வளவு ஏற்கெனவே விலையில் இருக்கிறது என்று பார்க்க இரண்டாண்டு யீல்டு உதவும். அது மத்திய வங்கியின் வட்டியைவிட நன்றாகக் கீழே இருந்தால், சந்தை பல குறைப்புகளுக்கு முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டது என்று பொருள். அதன்பின் மத்திய வங்கி கொஞ்சம் தயங்கினாலும் யீல்டு ஏறும்.

சரி, விற்கலாமா? அந்தப் பணம் உங்களுக்கு எப்போது வேண்டும் என்று பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் தேவை, ஃபண்டின் டியூரேஷன் 8 என்றால், வட்டி எந்தப் பக்கம் போனாலும் இது உங்களுக்குப் பொருந்தாத ஃபண்டு. நஷ்டத்தோடாவது குறுகிய கால ஃபண்டுக்கு மாறுவதே மேல் என்பேன். பத்தாண்டு வரை தொடத் தேவையில்லை என்றால் இருக்கட்டும். ஃபண்டுக்கு வரும் வட்டியும் முதிர்ந்த பத்திரங்களின் பணமும் இனி உயர்ந்த யீல்டில் மறுமுதலீடாகும். யீல்டு இந்த அளவிலேயே நின்றால், டியூரேஷனுக்கு நெருக்கமான ஆண்டுகளில் இந்த இறக்கம் ஏறக்குறைய ஈடாகிவிடும்.