கொடியேற்றமும் மாப்பிள்ளையின் முகமும்: படம் கீறும் மொடல்கள் பற்றிய கேள்வி பதில்

போன கிழமை படம் கீறும் மொடல்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி "எது நல்லது" என்ற கேள்விதான், அதை விட்டுவிட்டேன். எழுத்தையும் திருத்தத்தையும் பற்றி வந்தவைக்கு மட்டும் பதில்.

சுன்னாகத்தில் அச்சகம் வைத்திருப்பவர்: தங்கச்சி, திருவிழா நோட்டீசுக்கு 'கொடியேற்றம்' எண்டு போடச் சொன்னா பழைய மொடல் பூச்சி ஊர்ந்த மாதிரி ஏதோ கீறும். இப்ப வாறது கிட்டத்தட்டச் சரியாக் கீறுது. உள்ளுக்கு என்ன மாறினது?

அண்ணை, உங்கள் சொல் மொடலுக்குள் எப்படிப் போகிறது என்பதுதான் மாறியது. 2022இல் வந்த ஸ்டேபிள் டிஃபியூஷனை எடுங்கள். 512க்கு 512 படத்தை அது 64க்கு 64 கட்டமாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, வெறும் இரைச்சலில் தொடங்கி, இருபது முப்பது படிகளில் முழுப்படத்தையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கும். இந்த வழிக்குத்தான் டிஃபியூஷன் என்று பெயர். நீங்கள் எழுதிய வசனம் அந்த வேலைக்கு வெளியே, கிளிப் என்ற தனி மொடல் வழியாக வருகிறது. படத்தையும் அதன் விளக்கத்தையும் பொருத்திப் பார்க்கப் பழகியது கிளிப். அதுவும் பெரும்பாலும் ஆங்கில விளக்கங்களில். ஆகவே "இது கோயில், இது திருவிழா" என்பது தங்கும், எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்பது அநேகமாகத் தங்காது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஓவியரிடம் "இந்த இடத்தில் தமிழில் ஏதோ எழுதியிருக்கும்" என்று மட்டும் சொல்லிப் பெயர்ப்பலகை கீறச் சொன்னால் என்ன வரும்? அதுதான் உங்களுக்கு வந்த பூச்சி.

2025 மார்ச்சில் ஜிபிடி-4ஓ படம் கீறத் தொடங்கியபோது, அது தங்கள் பிந்திய டால்-ஈ மொடல்கள் போன்ற டிஃபியூஷன் மொடல் இல்லை, படத்தைத் துண்டு துண்டாக வரிசையில் உருவாக்குகிறது என்று ஓப்பன்ஏஐ எழுதியது. உள்விபரம் முழுவதையும் அவர்கள் தரவில்லை, ஆனால் இதே போக்கில் மெட்டா 2024இல் வெளியிட்ட கமீலியன் மொடலின் கணக்கு வெளியே இருக்கிறது. அதில் 512க்கு 512 படம் 1024 டோக்கன், அதாவது 1024 துண்டு ஆகும், ஒவ்வொரு டோக்கனும் 8192 வகைத் துண்டுகளில் ஒன்று. முக்கியமானது என்னவென்றால், உங்கள் சொல்லின் டோக்கனும் படத்தின் டோக்கனும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 'டி'யின் ஒரு துண்டைக் கீறி அடுத்த துண்டைத் தீர்மானிக்கும்போது, மொடல் உங்கள் சொல்லையும் திரும்பிப் பார்க்கிறது, இதுவரை எதுமட்டும் கீறியாயிற்று என்பதையும் பார்க்கிறது. உங்களோடு தமிழில் கதைக்கிற அதே மூளைதான் கீறுகிறது, அதனால் பக்கத்தில் 'யே' வரவேண்டும் என்று அதற்குத் தெரியும்.

கொக்குவில், கணினி படிக்கும் மாணவன்: அக்கா, அப்ப டிஃபியூஷன் எண்டா எழுத்து வராது, டோக்கன் எண்டா வரும், அவ்வளவுதானே? படம் மேலயிருந்து கீழ வாறதைப் பார்த்தாலே விளங்குதே.

பாதி சரி தம்பி. டோக்கன்தான் காரணம் என்றால் 2021இல் வந்த முதல் டால்-ஈ எழுத்தில் கெட்டிக்காரனாக இருந்திருக்க வேண்டும். அதுவும் 1024 டோக்கனை ஒன்றன்பின் ஒன்றாகக் கீறிய மொடல்தான், எழுத்தோ நம்ப முடியாதது. மற்றப் பக்கம் பார்த்தால், கூகிளின் இமேஜன் 2022இலேயே டிஃபியூஷன்தான். ஆனால் வசனத்தை வாசிக்க டி5 என்ற பெரிய மொழி மொடலை வைத்ததும் எழுத்து நன்றாகத் திருந்தியது. 2025இல் வந்த குவென்-இமேஜும் டிஃபியூஷன்தான். வசனத்தை வாசிப்பது படமும் மொழியும் தெரிந்த ஒரு மொடல், சீன எழுத்தை நீளமான பந்தியாகவே கீறுகிறது. எனவே எப்படிக் கீறுகிறது என்பதைவிட, கீறுகிறவருக்கு வாசிக்கத் தெரியுமா என்பதுதான் எழுத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

மேலிருந்து கீழே வருவதை ஆதாரமாக எடுக்காதே. திரையில் எப்படிக் காட்டுவது என்பது செயலியை எழுதியவர் விருப்பம். ஓப்பன்ஏஐ தன் அறிமுகத்தில் காட்டிய மாதிரிப் படம் ஒன்றில், வெண்பலகையில் டோக்கனிலிருந்து டிரான்ஸ்ஃபோமர், அங்கிருந்து டிஃபியூஷன், கடைசியாகப் பிக்சல் என்று எழுதியிருந்தது. கடைசிக் கட்டத்தில் டிஃபியூஷன் இருக்கிறது என்று அதை வைத்துப் பலர் ஊகிக்கிறார்கள். மெட்டாவின் டிரான்ஸ்ஃபியூஷன் ஆய்வில் ஒரே மொடல் எழுத்தை டோக்கனாகவும் படத்தை டிஃபியூஷனாகவும் செய்கிறது. ஆகவே நீ போடுகிற கோடு அவ்வளவு நேராக நிற்காது.

மானிப்பாய்: நான் வசனத்தைப் பாமினியில் டைப் செய்து ஒட்டினேன். படத்தில் இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் வருகிறது. மொடல் பழுதா?

பழுதில்லை, நீங்கள் கொடுத்ததை அப்படியே கீறியிருக்கிறது. பாமினியில் 'யாழ்ப்பாணம்' என்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது உண்மையில் `aho;g;ghzk;` தான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. யுனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். ஒருவகையில் இது நல்ல சான்று: பழைய மொடல் என்றால் அந்த அரைப்புள்ளியைக்கூட ஒழுங்காகக் கீறியிராது.

சுன்னாகம் அண்ணை மறுபடியும்: கிட்டத்தட்டச் சரி எண்டு சொன்னன். ஆனா ஒருக்கா 'கெடியேற்றம்' எண்டு வந்திட்டுது. கோயில்காரர் கண்டிருந்தா என்ர கதை முடிஞ்சுது.

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அந்தச் சொல்லை நெருங்கிப் பாருங்கள். 'கொ' யுனிகோடில் க, அதன்பின் ஒகரக் குறி என்று இரண்டு. கீறும்போது அந்த ஒரு குறி க-வின் இடப்பக்கம் ஒரு துண்டு, வலப்பக்கம் ஒரு துண்டு என்று பிரிகிறது. வலக்கால் விடுபட்டால் 'கெ'. 'யே'யில் குறி ய-வுக்குப் பின்னால் பதிவாகிறது, முன்னால் கீறப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுத்தின் வரிசையும் வடிவத்தின் வரிசையும் ஒன்று, தமிழில் அப்படியில்லை. அதோடு தமிழ் எழுத்துள்ள படங்களை இந்த மொடல்கள் குறைவாகத்தான் பார்த்திருக்கும். லத்தீன் அல்லாத எழுத்தில் தடுமாறும் என்று ஓப்பன்ஏஐ அந்த அறிமுகத்திலேயே ஒப்புக்கொண்டது.

இன்னொரு காரணம் அளவு, அது இரண்டு வகைக்கும் பொது. கமீலியன் கணக்கில் ஒரு டோக்கன் 16க்கு 16 பிக்சலைச் சுமக்கிறது, ஸ்டேபிள் டிஃபியூஷனில் ஒரு கட்டம் 8க்கு 8. நோட்டீசின் அடியில் சின்னதாகப் போடும் வரியில் ஒரு புள்ளி இரண்டு பிக்சல்தான் இருக்கும். அந்தத் துண்டைத் திரும்பப் படமாக்கும்போது புள்ளி இருந்ததா இல்லையா என்பது ஊகம்தான். 'ற்ற' 'றற' ஆவது இப்படித்தான், தலைப்பில் அரிது, உபயகாரர் பெயரில் அடிக்கடி.

பிழை பார்க்கும்போது சொல்லாக வாசிக்காதீர்கள், கண் தானே திருத்திவிடும். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள், புள்ளியைத் தனியாக ஒரு சுற்று. அப்புறம் உங்கள் தொழிலுக்கு என்றால் நான் ஒன்றுதான் சொல்வேன்: மொடலிடம் எழுத்துக் கேட்காதீர்கள். ஏ3 தாளை 300 டிபிஐயில் அடிக்க 3508க்கு 4961 பிக்சல் வேண்டும், ஜிபிடி-4ஓ தந்தது 1024க்கு 1536 அளவில். பெருப்பித்தால் எழுத்தின் விளிம்பு மங்கும். மேல் பாதியை வெறுமையாக விடச் சொல்லி படத்தை வாங்கி, எழுத்தை நீங்களே போட்டோஷொப்பிலோ இங்க்ஸ்கேப்பிலோ போடுங்கள்.

நல்லூர், கலியாணப் படம் எடுப்பவர்: மிஸ், மணவறைப் படத்தில பின்னால நிண்ட மோட்டார்சைக்கிளை எடுக்கச் சொன்னன். அழகா எடுத்துத் தந்தது. ஆனா மாப்பிள்ளை வேற ஆரோ. ஒரு மூலையை மட்டும் தொடச் சொன்னா ஏன் முகத்தைத் தொடுது?

ஏனென்றால் அது மூலையைத் தொடவில்லை, முழுப்படத்தையும் புதிதாகக் கீறியது. உங்கள் படம் உள்ளே போய் டோக்கனாகி, "மோட்டார்சைக்கிளை எடு" என்ற வசனத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து மொடல் வேறொரு படத்தை முதலிலிருந்து கீறுகிறது. இதனால்தான் மாற்றவேண்டிய இடத்தைக் குறிக்கும் மாஸ்க் இல்லாமல், வெறும் வசனத்தில் சொன்னால்கூட எதை எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் மதிலா வாழைமரமா வரவேண்டும் என்று விளங்கிக்கொள்கிறது. இதனால்தான் முகமும் போகிறது. தலைப்பாகையும் மாலையும் பொருளாகத் தங்கும், ஆனால் முகத்தில் ஒரு ஆளை அந்த ஆளாக்குவது மூக்கின் சிறு சரிவு, கண்ணுக்கு இடையிலுள்ள தூரம், அது சுருக்கத்தில் நழுவும். மணவறைப் படத்தில் முகம் சட்டத்தில் சிறிதாக இருப்பதால் இன்னும் மோசம்.

பழைய டிஃபியூஷன் வழியில் இரண்டு விதம். மாஸ்க் இல்லாமல் செய்தால் உங்கள் படத்தின் மேல் இரைச்சலைத் தூவி, பாதியிலிருந்து திரும்பத் தெளிவாக்கும். எவ்வளவு இரைச்சல் என்பதைச் சொல்லும் `strength` 0.3 என்றால் மோட்டார்சைக்கிள் அங்கேயே நிற்கும், 0.8 என்றால் வண்டியும் போகும் மாப்பிள்ளையும் போவார். மாஸ்க் போட்டால் அந்த இடத்தை மட்டும் நிரப்பும், ஆனால் "எடு" என்றால் அதற்கு விளங்காது, அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் செய்வது இரண்டையும் கலந்து. திருத்திய படத்தை மூலப்படத்தின் மேல் லேயராக வையுங்கள், முதலில் அளவையும் இடத்தையும் பொருத்துங்கள், ஏனென்றால் ஓரம் வெட்டுப்பட்டோ நகர்ந்தோ வரும். பிறகு லேயரை `Difference` ஆக்குங்கள். மாறாத இடம் கிட்டத்தட்டக் கறுப்பு. வண்டி நின்ற இடம் பளிச்சென்று தெரியும், அது எதிர்பார்த்தது. மாப்பிள்ளையின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் கோடு தெரிந்தால் முகம் மாறிவிட்டது என்று அர்த்தம். இப்போது `Normal`க்குத் திருப்பி, லேயர் மாஸ்க்கால் வண்டி இருந்த பகுதியை மட்டும் புதிய படத்திலிருந்து எடுங்கள். நிறம் கொஞ்சம் மஞ்சளாக வந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் சரிசெய்தால் போதும். முகம் உங்கள் கமராவில் விழுந்த அதே பிக்சலாகவே இருக்கும்.

உரும்பிராய்: மாஸ்க் போட்டால் வெளியே மாறாது என்கிறீர்கள். நான் போட்டும் மாறியது.

எதில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓப்பன்ஏஐயின் படச் சேவையில் மாஸ்க் ஒரு வழிகாட்டல் மாதிரிதான், அதன் எல்லையை அப்படியே பின்பற்றாமல் விடலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஸ்டேபிள் டிஃபியூஷனில் என்றால் வெளிப்பகுதியும் ஒருமுறை சுருங்கி விரிகிறது, அதில் துணியின் நெசவு, தூரத்து எழுத்து இவை மெல்லக் குழம்பும். கடைசியில் மூலத்தை மேலே ஒட்டும் கருவி என்றால் மாறாது, ஒட்டாத கருவி என்றால் மாறும்.

நல்லூர்க்காரர் கீழே எழுதியது: அப்ப ஒண்டொண்டாத் திருத்தச் சொல்லலாம்தானே, முதல்ல வண்டி, பிறகு வயர், பிறகு வெளிச்சம்?

ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் நழுவலையும் மூலமாக எடுத்துக்கொள்ளும், நாலாவது சுற்றில் மாப்பிள்ளை பெண் வீட்டாருக்கே அடையாளம் தெரியமாட்டார். ஒவ்வொரு முறையும் கமராப் படத்தையே திரும்பக் கொடுங்கள், வண்டியையும் வயரையும் ஒரே வசனத்தில் சேர்த்துக் கேளுங்கள். வெளிச்சத்தை மொடலிடம் கேட்கவே வேண்டாம், முழுப்படத்துக்கும் பொதுவான மாற்றம் என்பதால் வெட்டி ஒட்டவும் முடியாது. அது லைட்ரூம் வேலை.