ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு எத்தனை சதவீதம்?

"எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தனிவட்டிச் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் 'ரெண்டு வட்டிக்கு இருபதாயிரம் வாங்கினால் எட்டு மாதத்துக்கு எவ்வளவு?' என்றால் குழம்புகிறார்கள். எங்கே தொடங்கட்டும்?" – ஓர் ஆசிரியை, சேரன்மகாதேவி

சூத்திரத்தை ஒரு வாரம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஊர்ப்பேச்சிலிருந்து தொடங்குங்கள். நம் பக்கத்தில் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். பாடப்புத்தகத்தில் வரும் வட்டி வீதமோ ஆண்டுக்கு. பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முதலில் வாய்க்கணக்காகச் செய்யட்டும். இருபதாயிரத்தில் இருநூறு நூறுகள் இருக்கின்றன. நூறுக்கு இரண்டு என்றால் மாதம் 400, எட்டு மாதத்துக்கு 3,200 ரூபாய். விடை கையில் வந்த பிறகு சூத்திரத்தைக் காட்டுங்கள்:

```
I = P × N × R / 100
```

R-க்கு 2, N-க்கு 8/12 போட்டால் சுமார் 267 ரூபாய்தான் வரும். ஒரு மாத வட்டிக்கே காணாது. R-க்கு 24, N-க்கு 8 போட்டால் 38,400 வரும். எட்டே மாதத்தில் வட்டி அசலைத் தாண்டுகிறது. இரண்டும் தப்பு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். 24-உம் 8/12-உம் போட்டால் 3,200 சரியாக வந்துவிடும். என் வகுப்பில் ஒரு பையன், "அப்பம் வருசத்துக்கு இருபத்துநாலா சார்?" என்று கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நகைக்கடனுக்கு 75 பைசா வட்டி என்றால் வருடத்துக்கு எவ்வளவு என்று அடுத்துக் கேளுங்கள். ஒன்பது என்று அவர்களே சொல்வார்கள்.

அப்புறம் சதவீதம். அதில் ஒரே கேள்விதான்: எதில் நூற்றுக்கு? சந்தையில் கருப்பட்டி கிலோ 240-க்கு வாங்கி 300-க்கு விற்கிறார்கள் என்று வையுங்கள். லாபம் 60. போட்ட முதலில் பார்த்தால் 25 சதவீதம், விற்ற விலையில் பார்த்தால் 20. வியாபாரி 'நூறுக்கு இருபது நிக்கும்' என்று சொன்னால் அது விற்ற விலையிலா, முதலிலா என்று பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும்.

இதே கணக்கைக் கடனுக்குக் கொண்டுபோங்கள். ரெண்டு வட்டிக்குப் பத்தாயிரம், பத்து மாதம் கழித்து மொத்தமாகத் திருப்ப வேண்டும். வட்டி 2,000-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,000-தான் கையில் கொடுக்கிறார்கள். கைக்கு வந்தது எட்டாயிரம் என்பதால் 2,000 என்பது அதில் 25 சதவீதம். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் இரண்டரை. பேச்சு ரெண்டு வட்டி, கொடுப்பது இரண்டரை வட்டி.

வாராவாரம் அசலையும் சேர்த்துக் கட்டும் கடனை இதில் கலக்க வேண்டாம். அங்கே அசல் குறைந்துகொண்டே வருவதால் நேராக இந்தச் சூத்திரத்தில் போட முடியாது. இன்னொன்று, வீட்டுக் கடனை நோட்டில் எழுதிவரச் சொல்லாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அது வெளியில் சொல்ல முடியாத விஷயம். தொகையை நீங்களே கொடுங்கள். வட்டி எப்படிப் பேசுவார்கள் என்பதை மட்டும் ஆச்சியிடமோ அம்மையிடமோ கேட்டு வரட்டும்.