அண்ணனின் மறுமண விருந்தில் என்ன பேசுவது?

கேள்வி: என் அண்ணனுக்கு 61 வயது. அண்ணி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் அண்ணன் மறுமணம் செய்துகொள்கிறார். மணமகள் விவாகரத்தானவர், முன்னாள் கணவர் இருக்கிறார். அண்ணனுக்கு ஒரு மகள், ஒரு மகன். மணமகளுக்கு ஒரு மகன். மூவரும் முப்பதை ஒட்டியவர்கள், விருந்துக்கும் வருகிறார்கள். வாழ்த்திப் பேசும் பொறுப்பு எனக்கு. “ஆறு வருடம் தனிமையில் வாடிய அண்ணனுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது. அண்ணி மேலே இருந்து ஆசீர்வதிப்பார். பிள்ளைகளுக்கும் மறுபடி ஓர் அம்மா கிடைத்திருக்கிறார்” என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியாக இருக்குமா? இல்லை, பழசையே தொடாமல் விட்டுவிடலாமா?

பதில்: மூன்று வாக்கியங்களையும் எடுத்துவிடுங்கள். ஆனால் பழசைத் தொடாமலும் பேசாதீர்கள்.

மூன்றில் அதிகம் காயப்படுத்தக்கூடியது முதல் வாக்கியம்தான். அன்பாகத் தோன்றுவதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. “அண்ணன் தனிமையில் வாடினார்” என்று மைக்கில் சொன்னால் விருந்தினர்கள் அண்ணனுக்காக இரக்கப்படுவார்கள். அவருடைய மகளுக்கும் மகனுக்கும் அதே வாக்கியம் “அப்போது நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்?” என்றுதான் கேட்கும். அந்த ஆறு வருடமும் மகள் தினமும் போன் செய்திருக்கலாம். மகன் லீவு கிடைத்தபோதெல்லாம் ஓடி வந்திருக்கலாம். அம்மாவை இழந்தவர்கள் அவர்களும்தான். தங்கள் துக்கத்தோடு அப்பாவையும் பார்த்துக்கொண்ட பிள்ளைகளை, அது போதவில்லை என்று ஊரறியச் சொல்வதாக ஆகிவிடும். மணமகளுக்கும் அதில் மரியாதை இல்லை. உங்கள் அண்ணன் அவரை விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்பது மறைந்து, ஒரு குறையை நிரப்ப வந்தவராக அவர் தெரிவார்.

இரண்டாவது, மேலே இருந்து வரும் ஆசீர்வாதம். உங்கள் நம்பிக்கை உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘அம்மா இதற்கு என்ன சொல்லியிருப்பார்’ என்ற கேள்விக்கு மகளிடம் அவளுடைய பதில் ஒன்று இருக்கும், அல்லது அவள் இன்னும் அதைத் தேடிக்கொண்டிருப்பாள். அந்தப் பதிலைச் சித்தப்பா மைக்கில் அறிவிக்கக் கூடாது.

மூன்றாவது, ‘மறுபடி ஓர் அம்மா’. முப்பது வயதுக்காரர்களுக்கு யாரும் அம்மாவாக வர வேண்டியதில்லை. அது மட்டுமல்ல. மறுமணக் குடும்பங்களை நீண்ட காலமாக ஆராய்ந்து எழுதிவரும் அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா பேப்பர்நவ் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: புதிதாக வந்தவரைப் பிடித்துப்போனால், பெற்றவருக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற இறுக்கம் பிள்ளைகளுக்கு வருகிறது, வளர்ந்த பிள்ளைகளும் அதற்கு விலக்கில்லை. உங்கள் வாக்கியம் அந்த இறுக்கத்தை நேராகப் போய்த் தொடுகிறது. மணமகளை மனதாரப் பிடித்திருக்கிற பிள்ளைகூட அந்த நிமிடத்தில் பின்வாங்கும். மணமகளின் மகனும் அங்கே இருக்கிறார். தன் அம்மா வேறு இரண்டு பேருக்கு அம்மாவாக அறிவிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு அவர் எந்தப் பக்கம் பார்ப்பார்?

சரி, அப்படியானால் பேசாமலே விட்டால் என்ன? அந்தக் கூடத்தில் பாதிப்பேர் அண்ணியை அறிந்தவர்கள். எல்லோர் மனதிலும் இருக்கும் ஒருவரைப் பேச்சு முழுக்கச் சுற்றிக்கொண்டு போனால், வாழ்த்து முடியும்போது மகளுக்கு மிஞ்சுவது ஒன்றுதான்: அம்மாவை இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். ஆகவே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே, சுருக்கமாக, பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். ‘மறைந்த முதல் மனைவி’ என்று எண் போட்டுப் பேசாதீர்கள். நீங்கள் எப்போதும் அழைத்தது போலப் பெயரோடு அண்ணி என்றே சொல்லலாம். புதியவரையும் அதேபோல் அவர் பெயரோடு அண்ணி என்று சொல்லலாம். அவர் உங்களுக்கு அண்ணிதான், அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளுக்கு அவர் என்ன முறை என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

மணமக்கள் இருவரின் பழசும் ஒரே மாதிரியானது இல்லை. இந்த இடத்தில்தான் வாழ்த்திப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். அண்ணியைப் பெயர் சொல்லி நினைக்கிறோமே, சமமாக இருக்கட்டும் என்று மணமகளின் முதல் திருமணத்தையும் இழுப்பார்கள். ‘பல கஷ்டங்களைத் தாண்டி வந்தவர்’ என்றால் அந்த முன்னாள் கணவர் மேல் பழி விழுகிறது. அவர் அந்த மகனின் அப்பா. ‘தனியாளாக மகனை வளர்த்தார்’ என்றாலும் அதேதான், அப்பா கூடவே இருந்து வளர்த்த பங்கு அழிந்துபோகிறது. முடிந்துபோன அந்தத் திருமணத்தைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். அவர் அமைத்துக்கொண்ட வாழ்க்கையைச் சொல்லுங்கள்: வேலை, நட்பு, அவர் பழகும் விதம். அவருடைய கடந்த காலத்துக்குச் செய்யும் மரியாதை அதுதான். சமத்துவம் என்பது இருவருக்கும் ஒரே அளவு நேரம் கொடுப்பதில் இருக்கட்டும், ஒரே வகை விஷயம் சொல்வதில் வேண்டாம்.

அண்ணியைப் பற்றிச் சொல்லும்போது இழப்பைச் சொல்லாதீர்கள். அவரோடு வாழ்ந்ததால் அண்ணனிடம் தங்கிவிட்ட ஒரு நல்ல குணத்தைச் சொல்லுங்கள். நோயையும் கடைசி நாட்களையும் தொட்டால் கூடம் துக்க வீடாகிவிடும், அங்கிருந்து வாழ்த்துக்குத் திரும்ப வழி கிடைக்காது. குணத்தைச் சொன்னால் பேச்சு தானாகவே இன்றைய அண்ணனிடம் வந்து சேரும். உங்கள் விவரங்கள் எனக்குத் தெரியாது, ஆகவே கீழே உள்ளதை ஒரு மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்:

“யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பவர் என் அண்ணன். அந்தப் பழக்கத்தில் பாதி அவருடையது, பாதி அண்ணியிடமிருந்து வந்தது. அண்ணியோடு அவர் வாழ்ந்த வருடங்கள் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த நல்ல வருடங்கள். அவரை நினைக்காமல் நான் இன்று பேச முடியாது. அதே அண்ணன்தான் இன்று மறுபடி ஒரு வாழ்க்கையைத் தொடங்குகிறார். புது அண்ணியை எனக்குக் கொஞ்ச காலமாகத்தான் தெரியும். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் அவர் பதில் சொல்வார். சட்டென்று பேசிவிடும் என் அண்ணன் இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் பழகியிருக்கிறார், அதை நானே பார்த்தேன். தன் வேலை, தன் நண்பர்கள், தன் மகன் என்று நிறைந்த ஒரு வாழ்க்கையோடு அவர் வந்திருக்கிறார். பிள்ளைகள் மூவரும் இன்று இங்கே இருப்பதில் எனக்குச் சந்தோஷம். அண்ணனும் அண்ணியும் ஒருவருக்கொருவர் நல்ல துணையாக, ஆரோக்கியமாக, நெடுநாள் வாழ வேண்டும். எல்லோரும் எழுந்து அவர்களை வாழ்த்துவோம்.”

இரண்டு அண்ணிகள் வரும் இடங்களில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் மூவரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள். பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருப்பது வேண்டுமென்றேதான். ‘பெரிய மனதோடு ஏற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு நன்றி’ என்று சேர்க்கக் கை வரும். சேர்க்காதீர்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்பது அவர்களுக்கே இன்னும் தெளிவாகாமல் இருக்கலாம். அவர்களை எழுந்து நிற்கச் சொல்வதும், ‘இனி நீங்கள் மூவரும் உடன்பிறப்புகள்’ என்று கை கோர்க்க வைப்பதும் வேண்டாம்.

கடைசி வரியைக் கவனியுங்கள். அங்கே இருக்கிற ஒவ்வொருவரும், மகள் உட்பட, மனதில் எதையும் விழுங்காமல் சேர்ந்து சொல்லக்கூடிய வாழ்த்தாக அது இருக்க வேண்டும். ‘இரண்டு குடும்பங்களும் ஒன்றானதற்கு வாழ்த்துகள்’ என்றால், இன்னும் நடக்காத ஒன்றை நடந்ததாக ஒப்புக்கொண்டுதான் பிள்ளைகள் எழ வேண்டியிருக்கும். அப்பா நன்றாக இருக்க வேண்டும், அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு எந்தப் பிள்ளையும் தயங்காது.

பேசும்போது ஒன்று முக்கியம். அண்ணியின் பெயரைச் சொல்லும் நொடியில் மகளையோ மகனையோ பார்க்காதீர்கள். உங்கள் கண் போகிற இடத்துக்குத்தான் கூடம் முழுக்கத் தலை திருப்பும். அந்த நேரத்தில் நூறு பேர் தன் முகத்தைப் பார்ப்பதைத் தாங்குவது கஷ்டம். அண்ணனைப் பார்த்துச் சொல்லுங்கள். சொன்னதும் ஒரு மூச்சு விட்டுவிட்டு, ‘அதே அண்ணன்தான்’ என்ற வரிக்கு உடனே போய்விடுங்கள். இறுக்கத்தைக் குறைக்கிறேன் என்று அங்கே ஜோக் எதுவும் வேண்டாம். குரல் தழுதழுத்தால் நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். பேச்சு முழுவதும் மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும். வீட்டில் சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள், மைக்கில் அதைவிடக் கொஞ்சம் கூடும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் முன்பே அண்ணன் மகளிடமும் மகனிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். இருவரையும் சேர்த்து வைத்துக் கேட்டால், ஒருவர் சரி என்றதும் மற்றவர் வாய் திறக்க மாட்டார். முழுப் பேச்சையும் காட்ட வேண்டாம். அவர்கள் அம்மாவைப் பற்றிய வரிகளை அப்படியே படித்துக்காட்டி, “இதில் எதையாவது மாற்றட்டுமா?” என்று மட்டும் கேளுங்கள். “அப்பா கல்யாணத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய்?” என்ற பக்கமே போகாதீர்கள். மணமகளின் மகனுக்கு அவர் அம்மாவைப் பற்றிய வரியைப் படித்துக்காட்டுங்கள். மணமகளிடமும் சொல்லிவிடுங்கள். அண்ணியின் பெயர் மேடையில் வரப்போகிறது என்பதை அவர் அங்கேதான் முதல்முறை கேட்கிறார் என்று இருக்கக் கூடாது.

மகள் “சித்தப்பா, அம்மா பேச்சு அங்கே வேண்டாமே” என்றால் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள். அவள் கேட்டு நீங்கள் விட்டால், அம்மாவை ஒதுக்கிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றாது. மகன் மட்டும் ‘சொல்லுங்கள்’ என்றாலும் அன்றைக்கு வேண்டாம் என்றவர் பேச்சுக்கே இடம் கொடுங்கள், அவனிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்போது பழக்கத்தைப் பற்றிய முதல் வரிக்குப் பிறகு, “அவர் வாழ்ந்த ஒவ்வொரு வருடமும் அவரை இப்படி ஆக்கியிருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு ‘அதே அண்ணன்தான்’ என்ற வரிக்குப் போங்கள். கேட்க வேண்டியவர்களுக்கு அது யாரைப் பற்றியது என்று தெரியும்.