மணலும் உப்பும் மையும் கலந்த நீர்: எந்த முறை, எந்த வரிசையில்?

"ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மணல், உப்பு, கறுப்பு மை கலந்த தண்ணீரைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். பாதிப்பேர் வடிகட்டினார்கள், மீதிப்பேர் நேராக அடுப்பில் வைத்துவிட்டார்கள். கடைசியில் உப்பு கறுப்பாக வந்தது. வடிகட்டல், ஆவியாக்கல், காய்ச்சி வடித்தல், வண்ணப்பிரிகை நான்கில் எதை எப்போது எடுப்பது என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது? உப்புக்குப் பதிலாக மயில்துத்தம் கொடுத்தால் முறை மாறுமா?" (அறிவியல் ஆசிரியை)

பிள்ளைகள் குழம்பியதற்குக் காரணம் வினாவிலேயே இருக்கிறது. "பிரிக்கவும்" என்று மட்டும் சொன்னால் எதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது தெரியாது. மணல் வேண்டுமா, உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, மையில் என்னென்ன சாயம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? இந்த நான்கு தேவைகளுக்கும் நான்கு வேறு பதில்கள். அதனால் கலவையைத் தொடுவதற்கு முன் இரண்டே கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்: இதில் கரையாமல் கிடப்பது எது? கரைந்ததில் எனக்கு வேண்டியது கரைபொருளா, கரைப்பானா?

உங்கள் கலவையையே எடுத்துக்கொள்வோம். 100 மி.லி. தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் மணல், ஐந்தாறு சொட்டுப் பேனா மை. கரையாதது மணல் ஒன்றுதான். ஆகவே எது வேண்டுமென்றாலும் முதல் வேலை வடிகட்டல். மணலோடு சேர்த்துக் காய்ச்சினால் அடியில் தங்கிய மணல் ஓரிடத்தில் சூடேறித் திரவத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். உப்பும் மணலும் ஒன்றாகக் காய்ந்து, மறுபடி தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டிய இரட்டை வேலையும் வரும்.

வடிதாளை நாலாக மடித்துக் கூம்பாக்கிப் புனலில் வைத்ததும் சில சொட்டு நீரால் நனைத்து ஒட்டவையுங்கள். தாளின் விளிம்பு புனலின் விளிம்புக்குச் சற்றுக் கீழேயும், ஊற்றும் திரவம் தாளின் விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழேயும் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வழிந்து மணல் கீழே இறங்கிவிடும். கண்ணாடிக் கோலைத் தாளின் மூன்று மடிப்புள்ள பக்கத்தில் சாய்த்து அதன் வழியே ஊற்றினால் தாள் கிழியாது. முதலில் தெளிந்த நீரை ஊற்றிவிட்டு மணலைக் கடைசியில் சேர்த்தால் வேகமாக வடியும்.

பலரும் விட்டுவிடும் படி ஒன்று இங்கே உண்டு. ஈர மணலிலும் தாளிலும் 5 மி.லி. கரைசல் தங்கினாலே அதில் ஏறக்குறைய அரை கிராம் உப்பு இருக்கும். மணலின் மேல் 5 மி.லி. வீதம் இருமுறை சுத்தமான நீரை ஊற்றி, அதையும் வடிநீரோடு சேர்க்க வேண்டும். கழுவாமல் விட்டால் இரட்டை நஷ்டம்: உப்பின் எடை குறையும், காய்ந்த மணலின் எடை கூடும். "மணல் 5 கிராம் போட்டேன், 5.4 வந்திருக்கிறது" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அடுத்த சந்தேகம், மணல் சரியாகக் காயவில்லை என்பது.

இப்போது கையில் கறுத்த, ஆனால் தெளிவான வடிநீர் இருக்கிறது. "வடிகட்டியும் கறுப்பு போகவில்லையே, தாள் ஓட்டையா?" என்று கேட்பார்கள். மையின் சாயம் கரைந்திருக்கிறது, கரைந்தது எதுவும் வடிதாளில் நிற்காது. கலங்கலா நிறமா என்று தெரிய வடிநீரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் போதும். அந்தப் பக்கம் இருக்கும் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அது நிறம் மட்டுமே. மங்கினால் நுண்ணிய மண் கடந்திருக்கிறது. கொஞ்ச நேரம் தெளியவிட்டு இரண்டாம் தாளில் வடிக்க வேண்டும்.

தண்ணீர் வேண்டுமென்றால் காய்ச்சி வடித்தல். உப்பும் பேனா மையின் சாயமும் நீர் கொதிக்கும் வெப்பநிலையில் ஆவியாகாது என்பதால்தான் இது வேலை செய்கிறது. 250 மி.லி. வாலைக் குடுவையில் வடிநீரை ஊற்றி, உடைந்த பீங்கான் துண்டு இரண்டு மூன்றைக் குளிர்ந்த நிலையிலேயே போடுங்கள். சூடான பிறகு போட்டால் திடீரெனப் பொங்கி வெளியே அடிக்கும். வெப்பமானியின் குமிழ் திரவத்துக்குள் இருக்கக் கூடாது, பக்கக் குழாயின் வாய் மட்டத்தில் நிற்க வேண்டும். நாம் அளப்பது வெளியேறும் ஆவியின் வெப்பநிலையை. உப்புக் கரைசல் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், அந்த மட்டத்திலுள்ள வெப்பமானியோ 100 ஐ ஒட்டியே காட்டும். (ஊட்டிப் பள்ளியென்றால் அது 93 ஐ ஒட்டி நிற்கும். வெப்பமானி பழுது என்று தூக்கிப் போட வேண்டாம்.) குளிர்விப்பானில் நீர் கீழ்முனை வழியாக நுழைந்து மேல்முனை வழியாக வெளியேற வேண்டும். மேலிருந்து விட்டால் உறை முழுதும் நிரம்பாது, ஆவி குளிராமல் தப்பிவிடும்.

குடுவையில் 30 மி.லி. அளவு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். 10 கிராம் உப்பு கொதிநிலையில் கரைந்திருக்க ஏறக்குறைய 26 மி.லி. நீராவது வேண்டும். அதற்குக் கீழே போனால் உப்பு படிந்து, குடுவை துள்ளவும் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. வடிந்த நீர் வெளிர்நீலமாகவோ சாம்பலாகவோ வந்தால் சாயம் ஆவியாகிவிட்டது என்று எழுதவிடாதீர்கள். தீயைக் கூட்டியதால் கொதித்த துளிகள் பக்கக் குழாய்க்குள் தெறித்திருக்கும், அல்லது குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பியிருப்பார்கள். சில துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெண்மை தோன்றினால் உப்பும் கடந்து வந்திருக்கிறது. வெள்ளை மயில்துத்தப் பொடி நீலமாவதைச் சுத்தத்துக்குச் சோதனை என்று எழுதுபவர்கள் நிறைய. அது நீர் இருப்பதை மட்டுமே சொல்லும், உப்புநீரிலும் அது நீலமாகும்.

உப்பு வேண்டுமென்றால் ஆவியாக்கல். இதில்தான் உங்கள் கறுப்பு உப்பின் விடை இருக்கிறது. நீரை விரட்டினால் உப்பும் சாயமும் ஒன்றாகத்தான் தங்கும். நான்கு முறைகளில் எதுவும் இவ்விரண்டையும் பிரித்து, கைநிறைய வெள்ளை உப்பாகத் தராது. சாயத்தை முதலில் வெளியேற்ற வேண்டும். வடிநீரில் அரைத் தேக்கரண்டி செயலூட்டிய கரித்தூள் போட்டு, மிதமாகச் சூடாக்கிச் சில நிமிடம் கலக்கி, மறுபடி வடிகட்டுங்கள். சாயம் கரியின் மேல் ஒட்டிக்கொள்ளும், உப்பு நீரோடு கடந்துபோகும். நிறம் இன்னும் இருந்தால் இன்னொரு முறை செய்யலாம். அடுப்புக் கரியைப் பொடித்துப் போட்டால் இந்த அளவுக்கு இழுக்காது. கரித்தூள் கைவசம் இல்லையென்றால் உப்பு கேட்கும் வினாவில் மையைச் சேர்க்காமல் விடுவதே நல்லது.

நிறம் போன கரைசலைப் பீங்கான் கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல் கம்பிவலை மேல் வைத்துச் சூடாக்குங்கள். உப்பு தலைகாட்டியதும் தீயைக் குறைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் உப்பு பட்பட்டென்று தெறிக்கும். எடை குறைவதற்கும் கண்ணில் படுவதற்கும் காரணம் இதுதான். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கடைசி ஈரத்தை, கொதிநீர் பீக்கரின் வாயில் கிண்ணத்தை உட்காரவைத்து நீராவியாலேயே போக்கலாம். காய்ந்த உப்பு 10 கிராமுக்கு மேல் நின்றால் மகிழ வேண்டியதில்லை, ஈரம் இருக்கிறது.

இனி மயில்துத்தம். இங்கே முறை மாறத்தான் செய்யும். உப்பின் கரைதிறன் சூட்டில் அதிகம் மாறாது: 100 கிராம் நீரில் சாதாரண வெப்பநிலையில் 36 கிராம், கொதிநிலையில் 39. அதனால் கரைசலைக் குளிரவிட்டுப் பயனில்லை, நீரைப் போக்கித்தான் எடுக்க வேண்டும். மயில்துத்தம் சூட்டில் மிக அதிகமாகக் கரையும், குளிர்ந்தால் படிகமாக வெளியே வரும். அதோடு நீலப் படிகத்துக்குள்ளேயே படிகநீர் இருக்கிறது. உப்பைப் போலக் கடைசிவரை காய்ச்சினால் அந்த நீரும் போய், வெளிறிய தூள்தான் மிஞ்சும். ஆகவே பாதிவழியில் நிறுத்த வேண்டும். கண்ணாடிக் கோலின் நுனியில் ஒரு துளி எடுத்து ஆறவிடுங்கள். அதில் படிகம் தோன்றினால் தீயை அணைத்து, கிண்ணத்தை வடிதாளால் மூடி, அசைக்காமல் மறுநாள் வரை வையுங்கள். அவசரத்துக்குக் குளிர்நீரில் வைத்தால் படிகம் பொடியாக வரும். மேலே நிற்கும் நீல நீரைக் கீழே கொட்டாதீர்கள். அதில் இன்னும் நிறைய மயில்துத்தம் இருக்கும், மறுபடி வற்றவைத்து எடுக்கலாம்.

வண்ணப்பிரிகையை மற்ற மூன்றோடு ஒரே வரிசையில் வைத்ததுதான் பாடத்தில் ஏற்படும் பெரிய குழப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளியில் செய்யும் தாள் வண்ணப்பிரிகை எதையும் கிராம் கணக்கில் பிரித்துத் தராது. "இந்த மையில் ஒரே சாயமா, பலவா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும், அவ்வளவே. இதற்கு உங்கள் வடிநீரை எடுக்காமல் மூல மையையே எடுங்கள். வடிநீரில் சாயம் மிகவும் நீர்த்துவிட்டது, கூடவே இருக்கும் உப்பு புள்ளியைப் பிசிறாக இழுக்கும். வடிதாள் பட்டையின் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே பென்சிலால் கோடு போட்டு, அதில் மிகச் சிறிய புள்ளி வைத்து, காயவைத்து, அதே இடத்தில் மீண்டும் ஒருமுறை வையுங்கள். பேனாவால் கோடு போட்டால் கோடும் ஏறிவரும். குவளையில் நீர் 1 செ.மீ. ஆழம் போதும். புள்ளி நீருக்குள் மூழ்கினால் சாயம் கீழே கரைந்துபோய் மேலே எதுவும் ஏறாது. நீர்முனை உச்சிக்கு 1 செ.மீ. கீழே வந்ததும் எடுத்து, காய்வதற்குள் முனையைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும். நிறம் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றால் அது ஒற்றைச் சாயம் என்று முடிவுகட்டக் கூடாது. அழியாத மார்க்கர் மை நீரில் கரைவதில்லை. அதற்கு நீருக்குப் பதிலாக ஸ்பிரிட் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை இரண்டு திரவங்களைக் கொடுக்க நினைத்தால் அசிட்டோனும் நீரும் கொடுங்கள். கொதிநிலை 56, 100. இடைவெளி அதிகம் என்பதால் எளிய காய்ச்சி வடித்தலிலேயே பெரும்பகுதி பிரியும். ஆனால் தீச்சுடர் கூடவே கூடாது, வெந்நீர்த் தொட்டியில் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். ஆல்கஹாலும் நீரும் கொடுத்தால் (78, 100) முதலில் வருவதிலும் நீர் கலந்தே வரும். அதற்குப் பின்னக் காய்ச்சி வடித்தல் வேண்டும். அதை வைத்தும் எடையில் 95.6 விழுக்காட்டைத் தாண்ட முடியாது.