பல எக்ஸ்சேஞ்ச், சில வாலட், ஒரே கணக்கு: கிரிப்டோ கேள்வி-பதில்

கணக்குத் தாக்கல் நேரத்தில் வரும் கிரிப்டோ கேள்விகளில் பாதிக்கு மேல் "ஏன் டேலி ஆகவில்லை" என்பதுதான். இந்த முறை வந்தவற்றில் ஐந்து. உதாரணங்களில் உள்ள விலைகள் கணக்குப் போட வசதியாக நான் வைத்தவை.

கே: ஒரு லட்சம் ரூபாய்க்கு பிட்காயின் வாங்கி, வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றி, அங்கே விற்றேன். வரி மென்பொருள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் லாபம் என்கிறது. போட்ட பணத்தைவிட லாபம் அதிகமா?

இல்லை. உங்கள் காயின் நடுவழியில் அடையாளம் இழந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்தே பார்ப்போம்.

இந்திய எக்ஸ்சேஞ்சில் 0.02 பிட்காயின் வாங்கினீர்கள், 1,00,000 ரூபாய். பிறகு அந்த 0.02 முழுவதையும் வெளியே எடுத்தீர்கள். நெட்வொர்க் கட்டணம் 0.0002 போக, வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் வந்து இறங்கியது 0.0198. அதை டாலர் மதிப்பை ஒட்டி ஓடும் யுஎஸ்டிடி காயினுக்கு மாற்றி விற்றீர்கள், கிடைத்தது 1,386 யுஎஸ்டிடி. ஒரு யுஎஸ்டிடி 88 ரூபாய் என்றால் 1,21,968 ரூபாய்.

மென்பொருளுக்கு இரண்டு கோப்புகளும் கிடைத்தன. ஆனால் முதல் கோப்பில் வெளியே போனதும் இரண்டாவதில் உள்ளே வந்ததும் ஒரே காயின் என்று அதற்குத் தெரியாது. அதனால் வித்ட்ராயலை விற்பனையாக எடுத்துக்கொண்டு, அன்றைய விலையான 1,10,000 ரூபாய்க்கு விற்றதாகப் பத்தாயிரம் லாபம் போட்டது. அங்கே வந்த டெபாசிட்டுக்கு வாங்கிய விலை இல்லாததால் பூஜ்யம் என்று வைத்து, 1,21,968 முழுவதையும் லாபமாக்கியது. இரண்டும் சேர்ந்து 1,31,968.

சரிசெய்ய, கோப்புகளில் உள்ள அந்த வித்ட்ராயல் வரியையும் டெபாசிட் வரியையும் ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடியைக் கண்டுபிடிக்க பரிவர்த்தனை எண்ணான TxID-யைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பெரிய எக்ஸ்சேஞ்சுகள் பல வாடிக்கையாளர்களின் வித்ட்ராயலை ஒரே பரிவர்த்தனையில் அனுப்புவது உண்டு. பெறும் முகவரியும் அளவும் சேர்ந்து பொருந்த வேண்டும். நடுவில் உங்கள் சொந்த வாலட் இருந்தால் இரண்டு ஜோடிகள் வரும், இடையில் இன்னொரு நெட்வொர்க் கட்டணமும் வரும்.

ஜோடி சேர்ந்ததும் வாங்கிய விலை காயினோடு கூடவே போகும். விற்ற 0.0198-க்கு உரிய விலை 99,000. ஆகவே லாபம் 22,968 ரூபாய். கட்டணமாகப் போன 0.0002-க்கு உரிய ஆயிரம் ரூபாயை நான் கழிக்க மாட்டேன். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க, கிரிப்டோ லாபத்துக்கு வரி போடும் பிரிவு 115பிபிஎச் இடம் தரவில்லை. கறாராகப் பார்ப்பவர்கள் அந்த 0.0002-ஐக் கொடுத்ததையே ஒரு கைமாற்றமாகக் கருதி, அதன் விலை ஏற்றத்தையும் சேர்ப்பார்கள். உங்கள் கணக்கில் அது நூறு ரூபாய்தான்.

கே: எல்லா வரிகளையும் ஜோடி சேர்த்துவிட்டேன். இருந்தும் லாபம் சரியா என்று எப்படி உறுதி செய்வது?

ரூபாயைத் தொடாதீர்கள். முதலில் ஒவ்வொரு காயினுக்கும் எண்ணிக்கை சரிவர வேண்டும். தொடக்க இருப்போடு வாங்கியதையும் உள்ளே வந்ததையும் கூட்டி, விற்றதையும் வெளியே போனதையும் கட்டணத்தையும் கழித்தால், எக்ஸ்சேஞ்ச் திரையிலோ வாலட்டிலோ தெரியும் இருப்பு கடைசி தசமம் வரை வர வேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்தமாகப் பார்த்தால் ஓர் இடத்துக் குறையை இன்னோர் இடத்து மிகுதி மறைத்துவிடும்.

எந்தக் காயினில் இடிக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சின் காயினான பிஎன்பி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால், கட்டணத்தை பிஎன்பியில் கட்டும் வசதி இயக்கத்தில் இருக்கிறது. கட்டணத் தொகைக்குப் பக்கத்தில் எந்தக் காயின் என்ற பத்தியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். இருப்பு மைனஸில் போனால் ஏதோ ஒரு டெபாசிட் கோப்பில் இல்லை. ஒரு வர்த்தகத்தின் அளவே அச்சு அசலாக மிகுந்தால் அது இரண்டு தடவை ஏறியிருக்கிறது. இதில் எக்செலுக்கும் பங்கு உண்டு: எண்களில் 15 இலக்கம் வரைதான் அது வைத்திருக்கும், நீளமான ஆர்டர் எண்களின் வாலைப் பூஜ்யமாக்கிவிடும். அப்புறம் ஆர்டர் எண்ணை வைத்து இரட்டிப்பைத் தேடினால் வேறு வேறு ஆர்டர்களும் ஒன்றாகத் தெரியும். அந்தப் பத்தியை எழுத்தாக இறக்குமதி செய்யுங்கள்.

கே: ஒரு லட்சத்துக்கு விற்றேன். வருமான வரித்துறையின் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸில் 99,410 என்று இருக்கிறது, வங்கிக்கு வந்தது 98,415.90. எதைக் காட்டுவது?

மூன்றும் சரியான எண்களே. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் அரை சதவீதம், 500 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90. இந்த 590 போக மீதி 99,410. ஒரு சதவீத டிடிஎஸ்ஸை எக்ஸ்சேஞ்ச் தன் கட்டணமும் ஜிஎஸ்டியும் நீங்கலான தொகையில்தான் பிடிக்க வேண்டும் என்று 2022-ல் வந்த 13-ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அதனால் ஏஐஎஸ்ஸில் 99,410, அதில் டிடிஎஸ் 994.10, மீதி வங்கிக்கு.

வருமான வரி ரிட்டர்னில் கிரிப்டோவுக்கான விடிஏ அட்டவணையில் விற்பனைத் தொகையாக ஒரு லட்சத்தைக் காட்டச் சொல்வேன், ஏனென்றால் விற்பனைக் கட்டணத்தைக் கழிக்க வழியில்லை. டிடிஎஸ் செலவே அல்ல. அதை வரியில் கழித்துக்கொள்ளலாம். வங்கி வரவை விற்பனைத் தொகையாகப் போடுபவர்கள்தான் அதிகம். அப்படிப் போட்டால் காட்டிய தொகை ஏஐஎஸ்ஸை விடக் குறைந்துபோகும், கேள்வி வரவும் அதுவே காரணமாகும். வித்தியாசம் கட்டணமும் ஜிஎஸ்டியும்தான் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: எக்ஸ்சேஞ்ச் தரும் ஆண்டு லாப அறிக்கை நஷ்டத்தை லாபத்தில் கழித்துக் காட்டலாம். வரிக்கு அது செல்லாது. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அட்டவணையில் நஷ்டம் வந்த விற்பனைக்கு லாபம் பூஜ்யம் என்றுதான் போட வேண்டும்.

கே: யுஎஸ்டிடியை எந்த ரூபாய் விலையில் வைப்பது? டாலர் விலையா, ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி2பி விலையா?

ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கொடுத்த ரூபாய்தான் விலை. சிக்கல், காயினை விற்று யுஎஸ்டிடி பெறும்போதுதான். அங்கே ரூபாய் கைமாறவே இல்லை. இந்தியச் சந்தையில் யுஎஸ்டிடி பெரும்பாலும் டாலரின் வங்கி விலையைவிடக் கூடுதலாகவே ஓடுவதால், நான் அந்த நேரத்து இந்திய எக்ஸ்சேஞ்ச் விலையை எடுப்பேன். எதை எடுத்தாலும் ஆண்டு முழுவதும் அதுவே இருக்கட்டும். லாபம் குறையும் இடத்தில் ஒன்று, கூடும் இடத்தில் வேறொன்று என்று மாற்றாதீர்கள்.

முதல் கேள்விக்காரரையே எடுத்துக்கொண்டால், வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சின் விற்பனைக் கட்டணம் 1.386 யுஎஸ்டிடி போக அவர் கையில் 1,384.614 யுஎஸ்டிடி இருக்கும், வாங்கிய விலை 88. அதை 90 ரூபாய்க்கு விற்றால் இன்னும் 2,769 ரூபாய் லாபம். இந்த இரண்டாவது விற்பனையைப் பலரும் "பணமாக்கினேன்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதுவும் கைமாற்றம்தான்.

கே: மார்ச் 31 இரவு செய்த வர்த்தகம் எந்த ஆண்டில் வரும்?

கோப்பின் தலைப்பில் UTC என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். மார்ச் 31 மாலை 6.30-க்குப் பிறகு உள்ள வரிகள் எல்லாம் ஏப்ரல் 1-க்கு, அதாவது அடுத்த நிதியாண்டுக்குப் போய்விடும்.

```
=A2+TIME(5,30,0)
```

இந்திய எக்ஸ்சேஞ்சின் கோப்பு ஏற்கெனவே இந்திய நேரத்தில் இருந்தால் அதற்கு இதைப் போடாதீர்கள். ஜோடி வரிகளில் டெபாசிட் நேரம் வித்ட்ராயலுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் தெரிந்தால், ஒரு கோப்பை மாற்ற மறந்திருக்கிறீர்கள்.