டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்தால் எது போகும், எது நிற்கும்?

பழைய வண்ணாரப்பேட்டையில் டிவி பழுது பார்க்கிறவன் நான். கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

"அண்ணே, 'இடம் இல்லை'ன்னே வருது. ஆப் பாதியில மூடிக்குது. ரீசெட் அடிச்சிடவா?" (தண்டையார்பேட்டை)

அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. சென்ற மாதம் ராயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன், இதே தொல்லைதான். பெட்டியில் 8 ஜிபி என்று போட்டிருக்கும், சிஸ்டத்துக்கே அதில் பெரும்பங்கு போய்விடும். மிச்சத்தைப் பிள்ளைகளின் விளையாட்டு ஆப்கள் நிரப்பி வைத்திருந்தன. Settings போய் Apps திறந்து, தேவையில்லாததை எடுத்தேன். பெரிதாக இருந்தவற்றில் Clear cache கொடுத்தேன். அப்புறம் சுவர் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விட்டேன். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கத்தான் செய்யும், நினைவகம் காலியாகாது.

படம் ஓடியது, ஆனால் முகப்புப் பக்கம் இன்னும் தடுமாறியது. அதன் பிறகுதான் ரீசெட் செய்தோம். திரும்ப நான்கே ஆப் போட்டோம், இன்று வரை தொந்தரவு இல்லை. பழைய ஆப் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினால் பழைய நிலைமைதான் வரும்.

"ரீசெட் பண்ணா வாங்கும்போது இருந்த பழைய ஆண்ட்ராய்டுக்கே போயிடும்னு தம்பி சொல்றான். பென்டிரைவ்ல இருக்கற கல்யாண வீடியோவும் போயிடுமா?" (வியாசர்பாடி)

தம்பி சொன்னது பாதி சரி. நீங்கள் போட்ட ஆப், கணக்குகள், வைஃபை பாஸ்வேர்டு, தேடி வைத்த சேனல்கள், படத்தின் வெளிச்ச அளவு எல்லாம் அழியும். சிஸ்டம் பகுதியை அது தொடாது. இடையில் அப்டேட் ஆகியிருந்தால் அந்தப் புதிய பதிப்பே நிற்கும். சந்தாவும் பார்த்த பட்டியலும் அந்தந்த நிறுவனத்தின் கணக்கில் இருப்பதால், மறுபடி உள்ளே நுழைந்தால் வந்துவிடும்.

பென்டிரைவைச் சும்மா செருகிப் பார்த்தீர்கள் என்றால் பயமில்லை. ஆனால் அதை டிவியின் கூடுதல் இடமாக ஃபார்மட் செய்து சேர்த்திருந்தால் ஜாக்கிரதை அம்மா. அந்த டிரைவ் பூட்டப்பட்டிருக்கும், சாவி டிவிக்குள் இருக்கும். ரீசெட்டில் சாவி அழிந்தால் எந்தக் கணினியிலும் வீடியோ திறக்காது. முதலில் நகல் எடுங்கள். எப்படியானாலும் ரீசெட்டின்போது டிரைவைக் கழற்றி வையுங்கள்.

"எங்க டிவியில நடுவுல ஒரு கோடு நிக்குது. ரீசெட் பண்ணியும் போகல." (காசிமேடு)

மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவின் மேலும் அந்தக் கோடு ஓடினால் கோளாறு திரையிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. ரீசெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"ரீசெட் முடிஞ்சு வைஃபை கனெக்ட் ஆச்சு, ஆனா இன்டர்நெட் இல்லங்குது. போன்ல நல்லா ஓடுது. ரிமோட் மைக்கும் செத்துப்போச்சு!" (பெரம்பூர்)

தேதியைப் பாருங்கள். டிவி பழைய ஆண்டைக் காட்டினால் பாதுகாப்பு இணைப்புகள் எல்லாம் மறுக்கப்படும். Date & time போய்க் கையால் சரியான தேதியை வைத்துவிட்டு மறுபடி இணையுங்கள். மைக் சாகவில்லை, ரிமோட்டின் புளூடூத் இணைப்புதான் அழிந்தது. சேனல், ஒலி பட்டன்கள் இன்ஃப்ராரெட்டில் ஓடுவதால் அவை வேலை செய்கின்றன. Remotes & accessories பகுதியில் மறுபடி இணையுங்கள். எந்தப் பட்டன்களை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், திரையிலேயே சொல்லும்.

ஆரம்பத்தில் வீடா கடையா என்று கேட்டால் Home என்றே கொடுங்கள். கடை என்று கொடுத்த ஒரு வீட்டில் விளம்பரப் படம் தானாக ஓடிக்கொண்டே இருந்தது. பாவம், ஒரு வாரம் திணறியிருக்கிறார்கள்.

"நான் போன வாரமே டிவியை வித்துட்டேன், ரீசெட் பண்ணல. என் பேர்லயே ஓடுதா?" (எண்ணூர்)

ஓட வாய்ப்பு உண்டு. இன்றே போனில் myaccount.google.com திறந்து, Security பகுதியில் Your devices பட்டியலில் அந்த டிவியைத் தேடி Sign out கொடுங்கள். படம் பார்க்கும் ஆப்களிலும் தனித்தனியாக அதன் இணைப்பைத் துண்டியுங்கள், கூகுள் கணக்கை எடுத்தால் அவை போகாது. வாங்கியவர் பழக்கமானவர் என்றால் Settings, System, About வழியாகப் போய் Factory reset கொடுக்கச் சொல்லுங்கள்.

"ரீசெட் நடக்கறப்போ கரன்ட் போச்சு. இப்போ லோகோலயே சுத்துது." (திருவொற்றியூர்)

அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், விட்ட வேலையைத் தொடரலாம். இல்லையென்றால் டிவியின் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பிளக்கைச் செருகினால் சில மாடல்களில் ரெக்கவரி மெனு வரும். அதில் Wipe data/factory reset இருக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் நினைவகச் சிப்பா பவர் போர்டா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, மின்னழுத்தம் அளந்து பார்க்க வேண்டும். கடைக்குக் கொண்டுவரும்போது ரிமோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.