50 நிமிட வகுப்பை ஒரே தாளுக்குள் கொண்டுவருவது

தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நீட் தேர்வுக்காகப் பார்த்த இதயச் சுழற்சி வீடியோ 50 நிமிடம், அதற்கு நீங்கள் எழுதிய நோட்ஸ் 14 பக்கம். மைண்ட் மேப் என்று வரைந்ததில் அந்த 14 பக்கத்தையும் பொடி எழுத்தில் திரும்ப எழுதிவிட்டீர்கள். அதனால்தான் அதைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

வீடியோவை மறுபடியும் முழுக்க ஓடவிட வேண்டாம். நோட்டை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவில் சேருங்கள். நோட்டைப் பார்த்தும் புரியாத இடத்துக்கு மட்டும் வீடியோவுக்குப் போங்கள். வகுப்பு கேட்கும்போதே ஓரத்தில் 12:40 என்று நேரம் குறித்து வைத்தால் தேட வேண்டியிருக்காது.

இந்தச் சுருக்கம் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. சுருக்கும்போது காரணத்தை வெட்டிவிடாதீர்கள். உங்கள் நோட்டில் நான்கு வரியில் இருப்பது இப்படி ஆகலாம்: "வெண்ட்ரிக்கிள் சுருங்கும் → உள்ளழுத்தம் கூடும் → ஈரிதழ், மூவிதழ் வால்வு மூடும் → லப்." வெறுமனே "வால்வு – லப், டப்" என்று எழுதினால் ஒரு வாரத்தில் எது எதனால் என்பது மறந்துவிடும்.

அடுத்தது ஒரு பக்கப் படம். நீங்கள் நடுவில் இதயம் வரைந்து, "கட்டங்கள்" ஒரு கிளை, "வால்வுகள்" ஒரு கிளை, "ஈசிஜி" ஒரு கிளை என்று பிரித்திருக்கிறீர்கள். இரத்த அணுக்களின் வகைகளுக்கு அது பொருந்தும். இங்கே மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பவை. கிளையாகப் பிரித்ததும் எந்தக் கட்டத்தில் டப் கேட்கும் என்பது படத்திலேயே இல்லாமல் போய்விட்டது.

ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, நடுவில் கடிகாரம் போல ஒரு வட்டம் போடுங்கள். ஒரு சுழற்சி 0.8 நொடி, வட்டத்தை எட்டுப் பங்காக்குங்கள். ஆரிக்கிள் சுருக்கத்துக்கு ஒரு பங்கு, வெண்ட்ரிக்கிள் சுருக்கத்துக்கு மூன்று, எல்லா அறைகளும் தளர்ந்திருப்பதற்கு நான்கு. முதல் எல்லைக்கோட்டில் லப். இரண்டாவது கோட்டில் அரைச்சந்திர வால்வுகள் மூடுகின்றன, அங்கே டப். ஆரிக்கிள் பங்கின் தொடக்கத்தில் எஸ்.ஏ. கணு, பி அலை. லப்புக்குச் சற்று முன்பு கியூஆர்எஸ். டப்பை ஒட்டி டி அலையின் முடிவு. மூலையில் ஒரு கணக்கு: ஒரு துடிப்புக்கு 70 மி.லி. இரத்தம் × நிமிடத்துக்கு 72 துடிப்பு = 5,040 மி.லி., அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். இவ்வளவு போதும்.

படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு சொல்லைப் பார்த்தும் வாக்கியம் வரவில்லை என்றால் அங்கே அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டீர்கள். இன்னும் ஒரு சொல் சேருங்கள். எல்லாவற்றையும் படித்துக்காட்டத்தான் முடிகிறது என்றால் இன்னும் குறைக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வெற்றுத்தாளில் பார்க்காமல் வரைந்து, விட்டதைச் சிவப்பில் நிரப்பி எனக்கு அனுப்புங்கள். சிவப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம்.